பட்ஜெட் 1,000, செலவு 2,000

கூகுள் விளம்பரத்துக்கு ஒரு நாளைக்கு 1,000 ரூபாய்னு பட்ஜெட் போடுறீங்க. ராத்திரி பார்த்தா 1,900 போயிருக்கு. தப்பு எதுவும் நடக்கலைங்க, விதியே அதுதான். முன்னாடி தினசரி பட்ஜெட்டை 20 சதவீதம் வரைதான் தாண்டும். 2017 அக்டோபரில் கூகுள் அந்த உச்சத்தை இரண்டு மடங்காக்கியது. மாதச் செலவு 30,400-ஐத் தாண்டாது என்பதுதான் சமாதானம். ஆனா மூணு நாள் மட்டும் விளம்பரம் ஓட்டுற சின்னக் கடைக்கு? 3,000 எதிர்பார்த்த இடத்தில் 6,000 வரை போகலாம்.

2012-லேயே வந்திருந்த ஸ்கிரிப்ட் வசதி இங்கேதான் கைகொடுத்தது. ஒவ்வொரு கேம்பெயினுக்கும் (இங்கே `c`) மணிக்கொரு தடவை இந்த ஒரு வரி ஓடினாப் போதும்:

```
if (c.getStatsFor("TODAY").getCost() > 1000) c.pause();
```

ஆனா 10 மணிக்கு 950-ல் விட்டது, 11 மணிக்குள் 1,300 ஆகிடலாம். செலவுக் கணக்கும் தாமதமாத்தான் வரும். அதனால 800-லேயே நிறுத்தச் சொல்றது நல்லது.

இன்னொண்ணு, நின்ன கேம்பெயின் மறுநாள் தானா ஓடாது. அதை எழுப்ப வேற ஸ்கிரிப்ட் வேணும். நீங்களே நிறுத்தி வெச்ச பழசையும் அது எழுப்பிடாம இருக்க, நிறுத்தும்போதே ஒரு லேபிள் ஒட்டிடணும்.