விகுதியில் இருக்கும் வகை: பிரஷர் மாத்திரைப் பொதுப்பெயர்களின் வரலாறு

வீட்டு மருந்து டப்பா ஒன்றில் இரண்டு அட்டைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றில் ராமிபிரில் 5 மி.கி., மற்றதில் டெல்மிசார்டான் 40 மி.கி. முதல் மாத்திரை விடாத வறட்டு இருமலைக் கொடுத்ததால் டாக்டர் இரண்டாவதை எழுதித் தந்தார். பழைய அட்டையை யாரும் எடுத்துப் போடவில்லை. வணிகப் பெயர்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இருப்பதால், பெரியவர் இரண்டையும் வெவ்வேறு வேலைக்கான மாத்திரைகள் என்று நம்பிக் காலையில் சேர்த்தே விழுங்குகிறார். வணிகப் பெயரை விட்டுப் பொதுப்பெயரின் கடைசி அசைகளைப் பார்ப்பவருக்கு விஷயம் உடனே பிடிபடும். 'பிரில்', 'சார்டான்' இரண்டும் உடலின் ஒரே பாதையை இரண்டு இடங்களில் அடைப்பவை.

தமிழில் வினைமுற்றின் விகுதி திணையையும் பாலையும் காட்டுவதுபோல, இந்த மருந்துப் பெயர்களின் விகுதி மருந்தின் வகையைக் காட்டுகிறது. ஆனால் இந்த விகுதிகள் முன்கூட்டி வகுத்த இலக்கணத்திலிருந்து பிறந்தவை அல்ல. பெரும்பாலும், ஒரு வகையின் முதல் மருந்துக்கு ஏதோ ஒரு காரணத்தால் அமைந்த பெயரின் வால், பின்னால் வந்தவற்றுக்கும் ஒட்டிக்கொண்டது. அந்த வால் முதலில் பொருளைச் சுட்டியது. நாளடைவில் செயலைச் சுட்டத் தொடங்கியது. அந்த நகர்வைத்தான் இங்கே பின்தொடர்கிறேன்.

தொடக்கம் நம் நாட்டு மூலிகையில் இருக்கிறது. சர்ப்பகந்தி வேர் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதைப் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 1949இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதினார். 1952இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவன வேதியியலாளர்கள் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். செடியின் அறிவியல் பெயரான ரவுல்ஃபியா சர்ப்பெண்டினாவின் பாம்பு அந்தப் பெயருக்குள் அப்படியே இருக்கிறது. மருந்து எந்தச் செடியிலிருந்து வந்தது என்பதைப் பெயர் சொன்னது; உடலில் என்ன செய்கிறது என்பதைச் சொல்லவில்லை.

அதே காலத்தில்தான் பெயரிடும் முறையும் உருவானது. ஒரே மருந்து நாட்டுக்கொரு பெயரில் உலவுவதைத் தடுக்க, 1950இல் உலக சுகாதாரப் பேரவை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. உரிமையாளர் யாரும் இல்லாத பன்னாட்டுப் பொதுப்பெயர்களின் முதல் பட்டியல் 1953இல் வெளிவந்தது. முன்மொழியும் பெயரை வெளியிட்டு, மறுப்புச் சொல்ல நான்கு மாத அவகாசம் தருவார்கள். ஒரே வகை மருந்துகளுக்குப் பொதுவான அசையை நிலைநிறுத்துவதும் இந்த ஏற்பாட்டின் வேலை. அந்த அசைகளை வணிகப் பெயருக்குள் நுழைக்க வேண்டாம் என்று 1993இல் பேரவை கேட்டுக்கொண்டது. அப்படி நுழைந்தால் விகுதி சுட்டும் பொருள் கரைந்துவிடும் என்ற கவலை நியாயமானது.

'ஓலால்' விகுதியின் கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. அட்ரினலின் இதயத்தை முடுக்குவதைத் தடுக்க வழி தேடிய ஜேம்ஸ் பிளாக், ஐ.சி.ஐ. நிறுவனத்தில் பணியாற்றியபோது 1962இல் புரோனெத்தலால் வெளிச்சத்துக்கு வந்தது. எலிகளில் கட்டிகளை உண்டாக்கியதால் அது நிலைக்கவில்லை. அதன் இடத்தில் 1964இல் புரோப்ரனோலால் வந்தது. பெயரின் கடைசியில் வரும் 'ஆல்' வேதியியலில் ஆல்கஹால் தொகுதியின் அடையாளம். அட்டெனோலாலும் மெட்டோப்ரோலாலும் அந்த வாலைப் பெற்றுக்கொண்டன. இன்று 'ஓலால்' என்றால் பீட்டா ஏற்பிகளை அடைக்கும் மருந்து என்றே பொருள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விகுதி காட்டுவது வகையை, நோயை அல்ல. ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கவும் கை நடுக்கத்துக்கும் புரோப்ரனோலால் கொடுக்கிறார்கள். கண் அழுத்த நோய்க்குப் போடும் சொட்டு மருந்தான டிமோலாலும் இந்தக் குடும்பம்தான். கண்ணில் விட்ட சொட்டு மூக்கு வழியாக இறங்கி இரத்தத்தில் கலந்து, ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சிரைப்பைக் கிளப்பிவிடும். கண்ணுக்குத்தானே என்று ஆஸ்துமாவைச் சொல்லாமல் விடும் நோயாளி, அந்தப் பெயரின் முடிவைப் படித்திருந்தால் கண் மருத்துவரிடம் சொல்லியிருப்பார்.

'பிரில்' இன்னும் சுவையான வரலாறு. இதிலும் ஒரு பாம்பு உண்டு. பிரேசிலில் உள்ள ஜராராக்கா விரியனின் நஞ்சில் பிராடிகைனின் என்ற பொருளின் வேலையை வலுப்படுத்தும் ஏதோ ஒன்று இருப்பதை செர்ஜியோ ஃபெரேரா 1960களில் கண்டார். பிராடிகைனினைச் சிதைக்கும் நொதியும், இரத்தக் குழாய்களை இறுக்கும் ஆஞ்சியோடென்சினை உருவாக்கும் நொதியும் ஒன்றே. நஞ்சின் அந்தப் புரதத் துணுக்குகள் அதை அடைத்தன. ஆனால் ஊசியாகத்தான் போட முடிந்தது. அவற்றின் கடைசிக் கண்ணியாக புரோலின் என்ற அமினோ அமிலம் இருந்தது. அமெரிக்காவின் ஸ்க்விப் நிறுவனத்தில் ஒண்டெட்டியும் குஷ்மனும் அந்த புரோலினை வைத்துக்கொண்டு, நொதியின் துத்தநாகத்தைப் பற்றக்கூடிய ஒரு கந்தகக் கொக்கியை மறுமுனையில் பொருத்தினார்கள். விழுங்கக்கூடிய மாத்திரை கிடைத்தது. அதுதான் கேப்டோபிரில், 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பெயரைக் காதுகொடுத்துக் கேளுங்கள். கந்தகத் தொகுதியின் பெயரான மெர்காப்டோவின் பின்பாதி முன்னால் நிற்கிறது; புரோலினின் முதல் ஒலிகள் வாலில் நிற்கின்றன.

அடுத்து வந்த எனலாபிரிலில் கந்தகம் போய்விட்டது, புரோலின் நீடித்தது. பெனாசெபிரிலில் புரோலினும் இல்லை. ஆனாலும் அது 'பிரில்'தான், ஏனென்றால் அடைப்பது அதே நொதியை. விகுதி தன் வேதியியல் பொருளை இழந்து செயலைப் பற்றிக்கொண்ட இடம் இதுவே. ராமிபிரில் உண்டாக்கும் இருமலும் இந்தச் செயலிலிருந்தே வருகிறது: நொதி அடைபட்டதும் பிராடிகைனின் சிதையாமல் தேங்குவது அதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. ஆகவே ஒரு 'பிரில்' இருமல் தந்தால் இன்னொரு 'பிரிலுக்கு' மாறிப் பெரும்பாலும் பயன் இராது.

1995இல் லோசார்டான் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. 'சார்டான்' விகுதியின் வரையறை முழுக்கச் செயலைச் சார்ந்தது: ஆஞ்சியோடென்சின் போய் ஒட்டும் ஏற்பியை அடைப்பது. லோசார்டானில் உள்ள டெட்ரசோல் வளையம் டெல்மிசார்டானில் இல்லை. பெயர் அதைப் பொருட்படுத்தவில்லை. நொதியைத் தொடாததால் இருமலும் அரிது.

இப்போது அந்த டப்பாவுக்குத் திரும்பலாம். பெரியவர் சேர்த்து விழுங்கும் இதே இரண்டு மருந்துகளையும் ஒப்பிட்ட ஆன்டார்கெட் என்ற பெரிய ஆய்வு 2008இல் வெளியானது. இரண்டையும் ஒருசேரத் தந்ததில் மாரடைப்போ பக்கவாதமோ கூடுதலாகக் குறையவில்லை. மாறாக, மயக்கம் தரும் தாழ் அழுத்தமும் சிறுநீரகச் சிக்கல்களும் கூடின. பழைய அட்டையை எடுத்துப் போடுவதும், டாக்டரிடம் சொல்லி பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்ப்பதும்தான் செய்ய வேண்டியவை.

விகுதியை நம்புவதற்கும் எல்லை உண்டு. 1988 சியோல் ஒலிம்பிக்கில் பென் ஜான்சனின் பதக்கத்தைப் பறித்த ஸ்டானோசோலால் 'ஓலால்' என்று முடிந்தாலும் தசை வளர்க்கும் ஸ்டீராய்டு. கார்வெடிலால் பீட்டா ஏற்பியை அடைத்தாலும் 'ஓலால்' என்று முடிவதில்லை.

இவற்றைவிட எனக்குக் கவலை தருவது, இதயச் செயலிழப்புக்கு வால்சார்டானோடு சேர்த்துத் தரும் சக்குபிட்ரில். அதன் முடிவு 'ட்ரில்', 'பிரில்' அல்ல. அது அடைப்பது நெப்ரிலைசின் என்ற வேறொரு நொதியை. அதுவும் பிராடிகைனினைச் சிதைப்பதுதான். இரு நொதிகளையும் ஒரே நேரத்தில் அடைத்தால் முகமும் தொண்டையும் வீங்கி மூச்சுக் குழாய் அடைபடலாம். இரு நொதிகளையும் ஒருங்கே அடைத்த ஓமாபட்ரிலாட் என்ற மருந்து இந்த வீக்கத்தால்தான் சந்தைக்கே வரவில்லை. காதுக்கு ஏறத்தாழ ஒன்றாகக் கேட்கும் இந்த இரண்டு வால்களில் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும் நோயாளி, கடைசி வேளை மாத்திரைக்குப் பின் 36 மணி நேரம் காத்திருக்க வேண்டும்.