நீக்கிய படம் தேடலில் ஏன் இன்னும் தெரிகிறது?

முன்பின் தெரியாத ஒருவர் கடந்த வருடம் எனக்குத் தகவல் அனுப்பினார். நான் வேலை செய்யும் இடம் அவருக்குத் தெரிந்திருந்தது. என் படத்தைக் கூகுள் லென்ஸில் இட்டு, பழைய வேலைவாய்ப்புத் தளமொன்றில் இருந்த என் சுயவிவரத்தை அவர் கண்டுபிடித்திருந்தார். அன்றே அந்தப் படத்தை நீக்கினேன். இரண்டு வாரங்களின் பின் நானே தேடிப் பார்த்தபோதும் என் முகம் அப்படியே வந்தது.

தேடல் முடிவில் தெரியும் சிறிய படம் கூகுள் வைத்திருக்கும் பிரதி. கூகுள் அந்தத் தளத்தை மீண்டும் வந்து பார்க்கும்வரை அது மாறாது. இதை விரைவுபடுத்த Refresh Outdated Content என்ற பக்கம் உண்டு. அதன் முகவரி:

```
search.google.com/search-console/remove-outdated-content
```

தளம் நமக்குச் சொந்தமாக இருக்க வேண்டியதில்லை, கூகுள் கணக்கு இருந்தால் போதும். அங்கே Image என்பதைத் தெரிந்து, படத்தின் முகவரியை இட்டேன். சில நாட்களில் Denied என்று பதில் வந்தது.

காரணம் பிறகுதான் புரிந்தது. என் சுயவிவரப் பக்கத்திலிருந்து படம் போயிருந்தது. ஆனால் படக்கோப்பு அந்தத் தளத்தின் சேவையகத்தில் அப்படியே கிடந்தது. மூலப் படம் திறக்கும்வரை கூகுளைப் பொறுத்தவரை அது நீக்கப்பட்ட படமல்ல.

இதை நீங்களே சோதிக்கலாம். கூகுள் படத் தேடலில் உங்கள் படத்தை அழுத்தி, பெரிதாகத் தெரிவதன்மேல் வலது சொடுக்கி Copy image address என்பதைத் தெரியுங்கள். முகவரியில் gstatic.com என்று இருந்தால் அது கூகுளின் சிறுபடம். மூலப் படத்தின் முகவரி அல்ல. மூல முகவரியை உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் திறந்து பாருங்கள். சாதாரணச் சாளரம் தன்னிடம் சேமித்து வைத்த பழைய படத்தைக் காட்டி ஏமாற்றக்கூடும். 404 என்று வந்தால் கோப்பு போய்விட்டது. முகம் தெரிந்தால் முதலில் தளத்தாரிடம்தான் போக வேண்டும்.

நான் அந்த முகவரியைக் குறிப்பிட்டு, கோப்பையே அழிக்குமாறு தளத்தாருக்கு மின்னஞ்சல் எழுதினேன். ஒரே படத்தைப் பல அளவுகளில் தளங்கள் சேமிப்பதுண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி. எனது படம் இரண்டு அளவுகளில் இருந்தது, இரண்டையும் கேட்டேன். இரண்டுமே 404 காட்டிய பின் மறுபடி விண்ணப்பித்தேன். இம்முறை Approved வந்தது. லென்ஸில் தேடியபோது அந்த முடிவு இல்லை.

ஆனால் இது கூகுளுக்கு மட்டும்தான். யாண்டெக்ஸ், பிங் ஆகியவை தமக்கெனப் பிரதி வைத்திருக்கும். முகத்தை வைத்தே தேடும் பிம்ஐஸில், தேடல் முடிவுகளிலிருந்து விலக்கக் கோரும் படிவம் தனியாக உண்டு. வேறு தளம் உங்கள் படத்தை நகலெடுத்துப் போட்டிருந்தால், அங்கும் முதலிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஆகவே படத்தை நீக்குவதற்கு முன்பே அதன் முகவரியைப் பிரதி செய்து வையுங்கள். நீக்கிய பிறகு அதைத் தேடிப் பிடிப்பதில்தான் எனக்கு அதிக நேரம் போனது.