வரலாற்று நெடுவினாவுக்கான மதிப்பீட்டு அளவுகோல்

மதிப்பீட்டு அளவுகோல் என்பது வரலாற்றுத் தாளின் நெடுவினா விடையை எந்த அடிப்படையில் திருத்துவது என்பதை முன்கூட்டியே வரையறுக்கும் அட்டவணை. விடைக்குறிப்பு, எழுதவேண்டிய செய்திகளைப் பட்டியலிடும். அளவுகோலோ அச்செய்திகளை மாணவர் எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதை அளக்கும்.

“1806 வேலூர்ப் புரட்சிக்குப் புதிய தலைப்பாகை மட்டுமே காரணமா?” என்ற 10 மதிப்பெண் வினாவை எடுத்துக்கொள்ளலாம். குறிப்புக்கு ஒரு மதிப்பெண் என்று திருத்தினால், காரணங்களை வரிசையாக ஒப்பித்தவரே முழு மதிப்பெண் பெறுவார். “மட்டுமே” என்ற சொல்லுக்கு விடையே இருக்காது. எனவே நான்கு படிநிலைகள் அமைக்கப்படுகின்றன:

- 1–2: நிகழ்வை மட்டும் கதையாகச் சொல்லுதல்.
- 3–5: தலைப்பாகை, சமயக்குறிகளுக்குத் தடை, கோட்டையில் காவலில் இருந்த திப்புவின் மகன்கள் எனக் காரணங்களை விளக்கமின்றி அடுக்குதல்.
- 6–8: ஒவ்வொரு காரணமும் சிப்பாய்களை எவ்வாறு கிளர்ச்சிக்குத் தள்ளியது என்று சான்றுடன் விளக்குதல்.
- 9–10: உடனடிக் காரணத்தையும் நீண்டகாலக் காரணங்களையும் எடைபோட்டு முடிவு கூறுதல்.

முதலில் படிநிலையையும், அதன்பின் அதற்குள் மதிப்பெண்ணையும் முடிவு செய்யவேண்டும். தேதிப் பிழை ஒன்றுக்காகப் படிநிலையைக் குறைப்பதில்லை. வாதத்தையே தகர்க்கும் பிழைக்குக் குறைக்கலாம்.

இறுதி செய்யும் முன், ஒரே பத்து விடைகளை இரு ஆசிரியர்கள் தனித்தனியே திருத்திப் பார்ப்பது நல்லது. ஒரே விடைக்கான மதிப்பெண் 5, 8 என விலகினால், “நன்றாக விளக்குதல்” போன்ற தெளிவற்ற சொல் அளவுகோலில் எங்கோ இருக்கிறது; அதைத் திருத்தவேண்டும். அளவுகோலில் இடம்பெறாத, ஆனால் சான்றுள்ள காரணத்தையும் ஏற்கவேண்டும்.