விமான அளவுமுறை

கோயிலின் ஓர் அகலத்தை முதலில் நிறுத்தி, கருவறை, சுவர், வாயில், மண்டபம் ஆகியவற்றை அதன் பங்குகளாகப் பெறும் முறை. இம்முறையைச் சுருங்கச் சொல்லும் பழைய நூல்களுள் ஒன்று வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதை (கி.பி. 6ஆம் நூற்றாண்டு). அதன்படி உயரம் அகலத்தைப் போல் இரு மடங்கு. கருவறை அகலத்தில் பாதி. வாயிலின் அகலம் கருவறையில் கால் பங்கு, உயரம் அதற்கு இரு மடங்கு. 16 முழ அகலமுள்ள கோயிலில் கருவறை 8 முழம், இருபுறச் சுவர்கள் நாலு நாலு முழம், வாயில் 2 முழ அகலமும் 4 முழ உயரமும் ஆகும். வாயிலின் உயரத்தில் எட்டிலொன்றைக் கழித்தால் வருவது பீடத்தோடு சேர்ந்த திருவுருவத்தின் உயரம். அதில் இரு பங்கு உருவம், ஒரு பங்கு பீடம். வாசலில் நிற்பவருக்கு மூர்த்தி முழுமையாகத் தெரிவதற்கு இந்தக் கணக்கு வழி செய்கிறது.

அடுத்த சில நூற்றாண்டுகளுக்குக் கட்டடங்கள் கிடைக்கும் அளவுக்கு நூற்சான்று கிடைப்பதில்லை.

தென்னாட்டு முறைக்கு விரிவான சான்று மயமதம். இது சோழர் காலத்தது என்பர். காலம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. மானசாரத்தின் காலமும் அவ்வாறே. ஒருதள விமானத்தின் உயரத்தை எட்டுப் பங்காக்கி, அதிட்டானத்துக்கு 1, சுவருக்கு 2, பிரஸ்தரத்துக்கு 1, கழுத்துக்கு 1, சிகரத்துக்கு 2, தூபிக்கு 1 எனத் தருவது பரவலான வழக்கு. அகலத்தைச் சுவரின் வெளிமுகத்தில் அளப்பதா, நடுக்கோட்டில் அளப்பதா என்பதில் மரபுகள் ஒன்றுபடவில்லை.

நிறுத்திய அகலம் ஆயாதிக் கணக்கிலும் தேற வேண்டும். சுற்றளவை மூன்றால் பெருக்கி எட்டால் வகுத்து, மிச்சத்தை யோனி என்பது ஒரு வழக்கு. ஒற்றைப்படை மிச்சம் நல்லது. 16 முழச் சதுரத்தின் சுற்றளவு 64; மிச்சம் சுழியாதலால் அது தள்ளப்படும். சுற்றளவை 67 முழமாக்கினால் மிச்சம் 1, கொடி யோனி. எட்டால் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்தால் வரவு 8. ஒன்பதால் பெருக்கிப் பத்தால் வகுத்தால் செலவு 3. வரவு மிகுவதால் இது ஏற்கத்தக்கது. ஆகவே பக்கம் 16 முழம் 18 விரலாகத் திருந்தும். பழங்கோயில்களில் முழு முழத்தில் நில்லாத அளவுகள் சிலவற்றுக்கு இத்திருத்தம் காரணமாகலாம்.

முன்மண்டபம் திருந்திய அகலத்தையே பின்பற்றும்: அதற்குச் சமமாகவோ, முக்காலாகவோ, பாதியாகவோ அமையும். பெருமண்டபங்களில் இரு தூண்களுக்கு இடைப்பட்ட பத்தியே அலகாகிறது. மண்டபத்தின் நீள அகலம் பத்திகளின் எண்ணிக்கையால் வரும்.

நூல்கள் முழத்தை 24 விரலாகவும் 25, 26, 27 விரலாகவும் வகுக்கின்றன. எந்த முழம் கையாளப்பட்டது என்று அறியாமல் கல்லை அளந்து நூலோடு ஒப்பிடுவது பிழைபடும். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் செப்புத் திருமேனிகளின் உயரத்தைக் கோயிலிலேயே வைத்திருந்த முழத்தால் அளந்து, விரலும் தோரையும் வரை குறிக்கின்றன. அந்த முழக்கோல் இன்று இல்லை.

மானசாரத்தைப் பி. கே. ஆச்சாரியாவும் மயமதத்தைப் புரூனோ தாகென்ஸும் பதிப்பித்து மொழிபெயர்த்தனர். மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய சிற்பக் கல்லூரியில் இம்முறை கற்பிக்கப்படுகிறது.