பஞ்சுப் பொதியும் கப்பலின் கொள்ளளவும்: அடைவு எண் உருவான ஒரு வரலாறு

ஒரு டன் சரக்கு கப்பலுக்குள் எத்தனை கன மீட்டர் இடத்தை எடுத்துக்கொள்ளும் என்பதைச் சொல்லும் எண்ணைத் துறைமுகங்களில் ஸ்டோவேஜ் ஃபேக்டர் என்பார்கள். இக்கட்டுரையில் அதை அடைவு எண் என்கிறேன். கப்பலுக்கும் இப்படி ஓர் எண் உண்டு. சரக்கறைகளின் மொத்தக் கன அளவை, கப்பல் ஏற்கக்கூடிய சரக்கு எடையால் வகுத்தால் அது கிடைக்கும். சரக்கின் எண் கப்பலின் எண்ணைவிடப் பெரியதாக இருந்தால், எடை மிச்சமிருக்கும்போதே அறை நிரம்பிவிடும். சிறியதாக இருந்தால், அறை பாதி காலியாக இருக்கும்போதே கப்பல் தன் சுமைக்கோடு வரை அமிழ்ந்துவிடும்.

சரக்கின் அடைவு எண்ணை அந்தச் சரக்கின் இயல்பாகவே கையேடுகள் பட்டியலிடுகின்றன. தாதுக்களுக்கும் தானியங்களுக்கும் அது ஓரளவு பொருந்தும். பஞ்சுக்குப் பொருந்தாது. பஞ்சின் அடைவு எண் மனிதர்கள் உண்டாக்கிய எண். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் அது கப்பலுக்குள்ளும், இந்தியாவில் கரையிலிருந்த பிரஸ்களிலும் குறைக்கப்பட்டது. இந்த வேறுபாட்டை விளைவித்தது, இடத்துக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்பதே என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

டன் என்றால் எடையா, இடமா

கப்பல் தொழிலில் டன் என்பது தொடக்கத்தில் மதுப் பீப்பாயைக் குறித்தது. பிரான்சில் 1681-ஆம் ஆண்டின் கடல் ஆணை, சரக்கறையின் டன்னை 42 கன அடியாக வரையறுத்தது. பிரெஞ்சு அடிக் கணக்கில் அது 1.44 கன மீட்டர். போர்தோ மதுப் பீப்பாய் நான்கு அடங்கும் இடம். மது ஒன்றே சரக்காக இருந்தவரை எடையும் இடமும் ஒன்றோடொன்று பிணைந்திருந்ததால், இரண்டுக்கும் ஒரே சொல் போதுமானதாக இருந்தது. மிளகும் துணியும் வெடியுப்பும் ஒரே கப்பலில் ஏறத் தொடங்கியபோது அந்தப் பிணைப்பு அறுந்தது.

அதன்பின் வணிகத்தில் இரண்டு டன்கள் நிலைத்தன. ஒன்று 2,240 பவுண்டு எடை. மற்றொன்று 40 கன அடி இடம். இந்திய வணிகத்தில் 50 கன அடி டன்னும் வழங்கியது. கனமான சரக்குக்கு எடைப்படியும் லேசான சரக்குக்கு இடத்தின்படியும் கூலி வாங்கினார்கள். 2,240-ஐ 40-ஆல் வகுத்தால் 56 வரும். ஒரு கன அடிக்கு 56 பவுண்டுக்கும் குறைவாக எடையுள்ள எதுவும் இடச் சரக்குதான். மெட்ரிக் கணக்கில் அந்த எல்லை டன்னுக்கு ஏறத்தாழ 1.11 கன மீட்டர்.

இடத்தின் பக்கம் இப்படி எண்களாக இறுகியபோதும், எடையின் பக்கம் நெடுங்காலம் தளர்வாகவே இருந்தது. எவ்வளவு அமிழலாம் என்பது கப்பல் தலைவனின், பல வேளைகளில் உரிமையாளரின், முடிவாக இருந்தது. சாமுவேல் பிளிம்சால் நடத்திய போராட்டத்தின் பயனாக 1876-இல் பிரிட்டிஷ் கப்பல்களுக்குச் சுமைக்கோடு கட்டாயமானது. அந்தக் கோட்டை எங்கே வரைவது என்பதைச் சட்டம் 1890-இல்தான் உறுதிசெய்தது. அதற்குப் பிறகே கப்பலின் எடைத் திறன் வாதத்துக்கு இடமில்லாத எண்ணாயிற்று.

இரண்டு பொதிகள்

அமெரிக்கத் தெற்கின் தோட்டங்களில் கட்டப்பட்ட பஞ்சுப் பொதி பருத்தது, தளர்ந்தது. கன அடிக்கு ஏறத்தாழ 12 பவுண்டுதான் அதன் அடர்த்தி. அடைவு எண் டன்னுக்கு 5.2 கன மீட்டர். துறைமுகத்து நீராவி பிரஸ்களில் மீண்டும் அழுத்தினால் கன அடிக்கு 22 அல்லது 23 பவுண்டு வரை உயர்ந்தது. அடைவு எண் 2.8-க்கு இறங்கியது. இந்தியாவின் ஏற்றுமதிப் பொதி வேறு வகை. 392 பவுண்டு பஞ்சு சுமார் 10 கன அடிக்குள் அடங்கியது. கன அடிக்கு 40 பவுண்டு என்று கொண்டால் அடைவு எண் 1.56. பஞ்சு இரண்டு நாட்டிலும் பஞ்சுதான். ஆனால் அமெரிக்கப் பொதிகள் ஒரு டன் ஏறும் இடத்தில் இந்தியப் பொதிகள் ஏறத்தாழ 1.8 டன் ஏறும்.

அழுத்தும் கருவி இதற்குக் காரணமாக இருக்க முடியாது. ஜோசப் பிராமா நீர்விசை அழுத்திக்குக் காப்புரிமை பெற்றது 1795-இல். அந்த நுட்பம் இரு நாட்டுக்கும் திறந்தே இருந்தது. வேறுபாடு கூலி முறையில் இருந்தது. அமெரிக்கப் பஞ்சுக்குக் கப்பல் கூலி பவுண்டு எடைக்கு இத்தனை பென்ஸ் என்று பேசப்பட்டது. பொதி எவ்வளவு பருத்திருந்தாலும் ஏற்றுமதியாளர் கொடுக்கும் கூலி மாறாது. வீணாகும் இடத்தின் இழப்பு கப்பல்காரருடையது. இந்தியாவிலோ கூலி கன அடி டன்னுக்குப் பேசப்பட்டது. பொதி பருத்தால் ஏற்றுமதியாளர் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். அதனால் அவரே பிரஸ்ஸுக்குச் செலவிட்டார்.

அமெரிக்கக் கப்பல்காரர் தன் இழப்பை எப்படிச் சமாளித்தார் என்பது இந்த வரலாற்றின் மிகக் கடினமான உழைப்பைக் காட்டுகிறது. நியூ ஆர்லியன்ஸ், மொபைல், கால்வெஸ்டன் துறைமுகங்களில் ஸ்க்ரூமென் எனப்பட்ட தொழிலாளர்கள் ஐவர் கொண்ட குழுக்களாகச் சரக்கறைக்குள் இறங்கினார்கள். பொதிகளை வரிசையாக அடுக்கி, இனி இடமில்லை என்ற நிலை வந்ததும், உத்தரத்துக்கும் பொதிக்கும் இடையே திருகு ஜாக்கியைப் பொருத்திச் சுற்றுவார்கள். வரிசை நசுங்கி ஒரு சந்து திறக்கும். அந்தச் சந்தில் இன்னொரு பொதியைச் செலுத்துவார்கள். மேல்தளத்துக்குக் கீழே, காற்று நுழையாத வெக்கையில், பாட்டின் தாளத்துக்கு ஜாக்கியைச் சுற்றினார்கள். மரக்கப்பல்களில் இந்த அழுத்தம் தளப் பலகைகளையே மேலே தூக்கிவிடக்கூடியது. எங்கே நிறுத்துவது என்று தெரிந்திருப்பதே இத்தொழிலின் திறமை. அந்தத் திறமைக்குக் கூலியும் மரியாதையும் இருந்தன. நியூ ஆர்லியன்ஸ் ஸ்க்ரூமென் 1850-லேயே தங்களுக்கொரு நலச் சங்கம் அமைத்தார்கள். கால்வெஸ்டனில் 1866-இல் அமைந்தது. அமெரிக்கத் துறைமுகத் தொழிற்சங்க வரலாற்றில் இவை மிக முற்பட்டவை. ஒரு பொதி மோசமாகக் கட்டப்பட்டதிலிருந்து ஒரு தொழிலாளர் இயக்கமே எழுந்தது என்று சொன்னால் அது மிகையாகாது என்பது என் கருத்து.

நீராவிக் கப்பல் வந்ததும் இந்தத் தொழில் தேய்ந்தது. துறைமுகத்தில் நிற்கும் ஒவ்வொரு நாளும் நீராவிக் கப்பலுக்குப் பெருஞ்செலவு. கூடுதலாகச் சில பொதிகளைத் திருகி நுழைப்பதைவிடச் சீக்கிரம் புறப்படுவது லாபமாயிற்று. இருபதாம் நூற்றாண்டில் கன அடிக்கு 32 பவுண்டு வரை அழுத்தும் பிரஸ்கள் கரையிலேயே பரவின. இந்திய முறையை நோக்கி அமெரிக்காவும் நகர்ந்தது.

ஒரு கப்பலைக் கணக்கிட்டுப் பார்த்தல்

பம்பாயில் நிற்கும் ஒரு நீராவிக் கப்பலைக் கற்பனை செய்வோம். நிலக்கரி, நீர், பண்டங்கள் எல்லாம் போக 7,000 டன் சரக்கு ஏற்கும். பொதிச் சரக்குக்கான இடம் 9,800 கன மீட்டர். கப்பலின் எண் 1.4.

இந்தியப் பொதியின் எண் 1.56 என்று கண்டோம். அது தனிப் பொதியை அளந்த கணக்கு. உத்தரங்களுக்கும் தூண்களுக்கும் பக்கவாட்டு வளைவுக்கும் அருகே பொதிகள் கச்சிதமாகப் பொருந்தாது. அந்த வீண் இடத்தையும் சேர்த்து 1.75 என்று வைப்போம். முழுவதும் பஞ்சை ஏற்றினால் 9,800-ஐ 1.75-ஆல் வகுத்து 5,600 டன். அறையில் ஒரு பொதிக்கும் இடமில்லை. ஆனால் சுமைக்கோடு இன்னும் தண்ணீருக்கு மேலே தெரியும். 1,400 டன் திறன் வீண். முழுவதும் மாங்கனீசுத் தாதுவை ஏற்றினாலோ, டன்னுக்கு 0.45 கன மீட்டர் வீதம் 7,000 டன்னும் 3,150 கன மீட்டரில் அடங்கிவிடும். மூன்றில் இரண்டு பங்கு அறை காலி. எடை முழுவதும் அடியில் குவிவதால் கப்பல் அலையில் வெடுக்வெடுக்கென்று உருளும். கட்டுமானம் அதில் நலிவடையும்.

மத்திய மாகாணத்து மாங்கனீசு ரயிலில் பம்பாய் வந்து கப்பலேறியதுதான். இரண்டையும் கலந்தால் என்ன ஆகும்? தாது x டன், மீதி பஞ்சு என்று கொண்டால்:

0.45x + 1.75(7,000 − x) = 9,800

x ஏறத்தாழ 1,885 டன். பஞ்சு 5,115 டன். அறையும் நிரம்பும், கோடும் தொடும். பஞ்சில் 485 டன்னை விட்டுக்கொடுத்து 1,885 டன் தாது கிடைக்கிறது. அதே கப்பலில் அமெரிக்கப் பொதியை, வீண் இடத்தோடு 3.0 என்ற எண்ணில் ஏற்றினால், பஞ்சு மட்டும் 3,267 டன்னோடு அறை நிரம்பிவிடும். தாதுவோடு சமன்செய்ய 4,392 டன் தாதுவும் 2,608 டன் பஞ்சும் வேண்டும். பஞ்சுக் கப்பலே தாதுக் கப்பலாகிவிடுகிறது. கரையிலுள்ள பிரஸ் எவ்வளவு அழுத்தியது என்பதே கப்பல் எதைக் கொண்டுபோகும் என்பதைத் தீர்மானிக்கிறது.

இக்கணக்கு பிசகுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். கப்பலின் கொள்ளளவு இரண்டு எண்களாகத் தரப்படும். தானியத்துக்கான அளவு கப்பலின் உட்தகடு வரை செல்லும்; பொதிக்கான அளவு அதற்கு உள்ளே பொருத்திய மரச்சட்டங்களோடு நின்றுவிடும். பொதி ஏற்றும் கப்பலுக்குத் தானிய அளவை எடுத்தால் கடைசிப் பொதிகள் கரையிலேயே கிடக்கும். இரண்டாவது, ஏற்றுமதியாளர் சொல்லும் அடைவு எண்ணில் வீண் இடம் சேர்ந்திருக்கிறதா என்பது. சேர்ந்திருப்பதாகச் சிலரும் சேராததாகச் சிலரும் வழங்குவதால், கேட்டு எழுதி வாங்காத ஒப்பந்தம் தகராறில் முடியும். இவற்றோடு பஞ்சுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. பிரஸ்ஸிலிருந்து வெளிவந்த பொதி மெல்ல மெல்ல உப்பும். ஒரு பட்டை அறுந்தால் சட்டென்று உப்பும். பிரஸ்ஸில் எழுதிய அளவை நம்பாமல், ஏற்றும் நேரத்தில் பொதிகளைக் கவைக்கோலால் அளந்து பார்த்தால்தான் உண்மை தெரியும். கல்கத்தாவில் வங்காள வணிகச் சபை இதற்கெனவே உரிமம் பெற்ற அளவையாளர்களை வைத்திருந்தது.

தூத்துக்குடியில் பிரஸ்ஸின் பயன் இன்னொரு படி கூடியது. ஆழமில்லாத கரை. பெரிய கப்பல்கள் பல மைல் தள்ளி நங்கூரமிட்டன. லிவர்பூலில் டின்னவெல்லி என்ற பெயரில் விற்ற பஞ்சு தோணிகளில் ஏறி அங்கே போய்ச் சேர வேண்டும். தளர்ந்த பொதியாக இருந்தால், கப்பலில் இடம் பிடிப்பதற்கு முன்பே தோணியின் நடைகளைக் கூட்டிவிடும். ஒரே அழுத்தத்தால் இரண்டு இடங்களிலும் செலவு குறைந்தது.

இன்று பஞ்சு கன்டெய்னரில் போகிறது. 40 அடி நீளமுள்ள, உயரம் கூடிய வகைக் கன்டெய்னரின் உள்ளிடம் சுமார் 76 கன மீட்டர்; சுமை சுமார் 26.5 டன். அதன் எண் 2.9-ஐ ஒட்டியது, பழைய கப்பலின் 1.4-ஐவிட இரு மடங்கு. கன அடிக்கு 28 பவுண்டு அடர்த்தியுள்ள இன்றைய அமெரிக்கப் பொதியின் எண் 2.2. சாலை எடை வரம்பையும் சேர்த்துப் பார்த்தால் பெட்டி நிரம்பும் முன்பே எடை தீர்ந்துவிடுகிறது. அதனால் இந்தப் பொதி, நூறாண்டுக்கு முந்தைய 32 பவுண்டுப் பொதியைவிடத் தளர்வானது. அரவை ஆலையிலேயே ஒரே தடவையில் கட்டப்படுகிறது. துறைமுகத்தில் மீண்டும் அழுத்தும் பிரஸ்களுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.