கட்டியக்காரனும் பபூனும்

ராமநாதபுரம் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகம் தொடங்க இரவு பத்து மணியாவது ஆகும். முதலில் மேடையேறுவது ராஜாவும் இல்லை, ராணியும் இல்லை; பபூன். கன்னத்தை உப்பி ஊதுவதைக் குறித்த இத்தாலியச் சொல்லில் பிறந்து, பிரெஞ்சு, ஆங்கிலம் வழியாகக் கரையேறிய பெயர் அது. பெயர்தான் புதிது. அந்த ஆளைத் தமிழ் மேடை முன்பே அறியும்: கட்டியக்காரன்.

அரசனோ சாமியோ வரும்போது முன்னால் நின்று பேரும் விருதும் முழங்குவது கட்டியம். (சீவக சிந்தாமணியில் அரசைப் பறித்த கட்டியங்காரன் வேறு ஆள்.) வடமாவட்டத் தெருக்கூத்தில் கட்டியம் சொல்பவனே கோமாளியும். திரைக்குப் பின்னால் நிற்கும் வேடத்திடம் ‘நீ யார்?’ என்று கேட்பான். ராஜா தன் பேரையும் குலத்தையும் சொல்லித்தான் வெளியே வரவேண்டும். இப்படி விசாரித்து வரவழைத்த ராஜாவை நிஜம் என்று நம்பிக் கரைந்துபோவது கடினம்.

1935இல் மாஸ்கோவில் சீன நடிகர் மெய் லான்ஃபாங்கைப் பார்த்த ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட், அடுத்த ஆண்டு எழுதிய கட்டுரையில் இப்படிக் கரையவிடாமல் வைப்பதற்கு ‘ஃபெர்ஃப்ரெம்டுங்’ என்ற சொல்லை ஆண்டார். பழகிய ஒன்றைப் புதிதாய்ப் பார்க்கும்படி விலக்கிக் காட்டுவது என்பது அதன் பொருள். தமிழில் இதை ‘அந்நியமாதல்’ என்பதில்தான் சிக்கல். உழைப்பாளி தன் உழைப்பிலிருந்தே அறுபடுவதாக மார்க்ஸ் சொன்ன ‘என்ட்ஃப்ரெம்டுங்’குக்கும் நாம் அதையே வைத்திருக்கிறோம்; ஒன்று நோய், மற்றது மருந்து. பிரெக்டின் ‘மதர் கரேஜ்’ நாடகத்தில் ஒவ்வொரு காட்சிக்கும் முன்பே நடக்கப்போவதைச் சொல்லிவிடும் தலைப்புகள் உண்டு. அதுவும் ஒரு கட்டியம்தான். ‘என்ன ஆகுமோ’ என்ற பதைப்பு போனால் ‘ஏன் இப்படி ஆகிறது’ என்று பார்க்கலாம். கிரேக்கக் கோரஸ் இவ்வளவு தள்ளி நிற்பதில்லை. நடனம் என்ற பொருளுடைய பெயர் கொண்ட அந்தக் கூட்டம் இடையிடையே ஆடிப் பாடிக் கதையை நிறுத்தும்; நாயகனோடு சேர்ந்து அழவும் செய்யும்.

பபூன் அழுவதில்லை. அரிச்சந்திரா நாடகத்தை எடுத்துக்கொள்வோம். காசியில் அரிச்சந்திரன் மனைவியை விற்கிறான், காலகண்டர் வாங்குகிறார். அந்த வேடம் பபூனிடம் போனால் பேரம் சிரிப்பாகிறது. சந்திரமதியின் கண்ணீரோடு போகவேண்டிய மனம் விலையில் வந்து நிற்கிறது: ஒரு பெண்ணுக்கு இவ்வளவுதானா? சத்தியசீலன் என்று நாம் கும்பிட்டவன் விற்பவனாகத் தெரிவது இந்த இடத்தில்தான்.

ஆனால் பபூன் பிரெக்டைப் படித்தவர் இல்லை. கைத்தட்டல் வருகிறவரை பேரத்தை இழுப்பார். காட்சி கெட்டுப்போவதைக் கூட்டத்தின் சிரிப்பிலேயே கண்டுபிடிக்கலாம். விலையைக் கேட்டுச் சிரித்தவர்கள் சட்டென்று அடங்கினால் காட்சி வேலை செய்திருக்கிறது. சந்திரமதியைப் பார்த்தே சிரித்துக்கொண்டிருந்தால், கூட்டம் காலகண்டர் பக்கம் போய்விட்டது.