நீர்க்குழாயும் மின்கம்பியும்: ஓம் விதியைப் பற்றிய ஒரு விசாரணை

மின்சார சாஸ்திரத்தைப் புதிதாகக் கற்கப் புகும் மாணாக்கருக்கு நீர்க்குழாயைக் காட்டி விளக்குவது ஆசிரியர்களின் நெடுநாள் வழக்கம். அவ்வுவமானம் நல்லதே, எனினும் ஓடும் நீரையே பெரிதாகக் காட்டி, அதனை ஓடச்செய்யும் மட்ட வித்தியாசத்தைச் சொல்லாமல் விடுவதால்தான், கம்பியில் வோல்ட் ஓடுகிறது என்றும், விளக்கு மின்னோட்டத்தைத் தின்றுவிடுகிறது என்றும் பிழையான எண்ணங்கள் பிறக்கின்றன என்பது என் கருத்து.

மேலொன்றும் கீழொன்றுமாக இரு தொட்டிகளை வைத்து, நீண்ட மெல்லிய குழாயொன்றால் அவற்றை இணைத்தோமானால், ஓட்டத்தை நிர்ணயிப்பது தொட்டியில் நிறைந்துள்ள நீரின் அளவன்று, இரண்டின் நீர்மட்டங்களுக்கும் இடையேயுள்ள வித்தியாசமே; மட்டங்கள் ஒன்றாகிவிட்டால் கடலளவு நீர் இருப்பினும் குழாயில் சலனமிராது. அந்த வித்தியாசமே வோல்ட்டில் அளக்கப்படும் மின்னழுத்தம். வினாடிதோறும் குழாயைக் கடக்கும் நீரே ஆம்பியரில் அளக்கப்படும் மின்னோட்டம். குழாயின் நீளமும் குறுக்கமும் விளைவிக்கும் தடங்கலே ஓம் என்னும் அலகால் அளக்கப்படும் மின்தடை. கீழே வந்த நீரை மேலே ஏற்றும் பம்பின் ஸ்தானத்தில் நிற்பது பாட்டரி.

12 வோல்ட் பாட்டரியுடன் 24 ஓம் தடையுள்ள சுருளொன்றை இணைத்தால், 12-ஐ 24-ஆல் வகுக்க, அரை ஆம்பியர் ஓடும். அதே போன்ற மற்றொரு சுருளை அதன் பின்னே தொடுத்தால் மொத்தத் தடை 48 ஓமாகி, ஓட்டம் கால் ஆம்பியராகக் குறையும். அக்கால் ஆம்பியர் முதற்சுருளில் புகுந்தபடியே குறைவின்றி வெளிவந்து இரண்டாவதிலும் செல்கிறது. செலவாவது அழுத்தமே, சுருளுக்கு 6 வோல்ட் வீதம்.

அழுத்தத்திற்கும் ஓட்டத்திற்கும் இடையேயுள்ள இந்த நேர்விகிதத்தைக் கண்டறிந்த ஜெர்மானியரான ஜார்ஜ் சைமன் ஓம், முதலில் வோல்டாவின் முறையிலமைந்த மின்கலங்களைக் கொண்டு முயன்றபோது, ஓட்டம் எடுக்க எடுக்க அவற்றின் அழுத்தம் தளர்ந்தமையால் அளவுகள் ஒத்துவரவில்லை. ஆதலின் பிஸ்மத்தையும் தாமிரத்தையும் இணைத்து, ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றதை உருகும் பனிக்கட்டியிலும் வைத்து, அவ்வெப்ப வித்தியாசத்தால் மாறாத அழுத்தம் பெற்றார். மட்டம் தாழாத தொட்டி கிடைத்தபின் குழாயின் குணத்தை அளப்பது சாத்தியமாயிற்று. அவர் நூல் 1827-இல் வெளிவந்தது.

உவமானத்திற்கும் எல்லையுண்டு. கம்பியின் விட்டத்தை இரட்டித்தால் தடை நாலிலொன்றாகும். மெதுவாக நீரோடும் குழாயிலோ, சுவரையொட்டிய நீர் நகராது நின்று அடுத்த படலத்தைப் பின்னிழுப்பதால், அது பதினாறிலொன்றாகவே குறைந்துவிடும். நீர் சுழித்து விரையுமாயின் நேர்விகிதமே கெடும். கம்பியிலும் வெப்பநிலை மாறாதவரைக்கும்தான் தடை நிலையாக நிற்கும்: 230 வோல்ட்டில் எரியும் 60 வாட் இழைவிளக்கின் தடை ஏறக்குறைய 880 ஓம், அவ்விழை குளிர்ந்திருக்கையில் அதில் சுமார் பத்திலொரு பங்கே இருப்பதனால், சுவிட்சைப் போட்ட கணத்தில் பன்மடங்கு ஓட்டம் பாய்கிறது, நைந்த இழை பெரும்பாலும் அக்கணத்திலேயே அறுகிறது.